இடம் காட்டும் லிங்க்: geo போதுமா, கூகுள் மேப்ஸ் லிங்க் வேண்டுமா?

எங்கள் குலதெய்வக் கோயில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மேப்பில் அதற்குப் பெயர் கிடையாது. பக்கத்து ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் பேருந்து நிறுத்தத்தோடு விட்டுவிடும். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. போன வருடம் அங்கே ஒரு காதுகுத்து. அழைப்பிதழோடு அனுப்புவதற்கு, தொட்டால் சரியாகக் கோயில் வாசலைக் காட்டும் லிங்க் ஒன்று தேவைப்பட்டது. அதற்காக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் தெரிந்ததுதான் இது. கீழே உள்ள எண்கள் எங்கள் கோயிலுடையவை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலை உதாரணமாக வைத்திருக்கிறேன்.

முதலில் கையில் எடுத்தது geo. 2010இல் ஆர்எஃப்சி 5870 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த பொது முறை இது. எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை. அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து, நடுவில் ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான்.

```
geo:10.78278,79.13167
```

ஆண்ட்ராய்டில் ஒரு வலைப்பக்கத்தில் இதை வைத்துத் தொட்டால், போனில் என்ன மேப் ஆப் இருக்கிறதோ அது திறக்கும். இரண்டு மூன்று இருந்தால் எதில் திறப்பது என்று கேட்கும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் மாதிரி ஆஃப்லைன் ஆப் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. டவர் இல்லாத இடத்திலும் எண் நேராக ஆப்புக்குப் போய்விடும்.

ஆனால் கூகுள் மேப்ஸில் திறந்தால் அந்த இடத்தை நடுவில் வைத்து மேப்பைக் காட்டுவதோடு சரி, சிவப்புக் குறி விழாது. கைபட்டு மேப் கொஞ்சம் நகர்ந்தால் இடம் போச்சு. குறி விழ வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு சேர்த்துக்கொண்ட q என்ற பகுதியையும் எழுத வேண்டும்:

```
geo:10.78278,79.13167?q=10.78278,79.13167(Koyil)
```

எண்ணை ஏன் இரண்டு முறை எழுத வேண்டும்? q என்பது ஆர்எஃப்சியில் இல்லாத ஒட்டு. அதைப் புரிந்துகொள்ளாத ஆப்புக்கு முன்னால் உள்ள எண் உதவும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். q-க்குப் பிறகு எண்ணை விட்டுவிட்டு வெறும் கோயில் பெயரை எழுதினால், அது குறி அல்ல, தேடல். அந்தப் பெயரில் அக்கம்பக்கத்தில் எது கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். மாரியம்மன் என்று போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, எல்லாம் சரியாக எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் மாமா போன் பண்ணினார். "மாப்ளே, நீ அனுப்புனதுல கைய வெச்சா ஒண்ணும் ஆவலையே?" ஆகாதுதான். http என்று தொடங்குவது மாதிரியான இணைய முகவரியை வாட்ஸ்அப் லிங்காக மாற்றும். Geo அதற்கு வெறும் எழுத்து. வலைப்பக்கத்தில் வைத்தாலும் தொல்லை முழுதாகத் தீராது. அந்தப் பக்கத்தை வேறொரு ஆப்பின் உள்ளேயே திறந்து பார்ப்பவருக்கு ERR_UNKNOWN_URL_SCHEME என்ற பிழைச்செய்தி வரக்கூடும். ஐபோனிலும் இதை நம்பி அனுப்ப முடியாது. கணினியில் பெரும்பாலும் எதுவுமே நடக்காது.

அப்புறம் கூகுள் மேப்ஸின் லிங்குக்கு வந்தேன். இதில் இரண்டு வகை: ஒன்று இடத்தைக் குறி போட்டுக் காட்டும், மற்றொன்று வழியைக் காட்டும்.

```
https://www.google.com/maps/search/?api=1&query=10.78278%2C79.13167
https://www.google.com/maps/dir/?api=1&destination=10.78278%2C79.13167
```

இதற்குக் கூகுளிடம் பதிவுசெய்து வாங்கும் சாவி, கட்டணம் எதுவும் வேண்டாம். ஆனால் api=1 இருந்தே ஆக வேண்டும்; அதை விட்டால் மற்றவை எல்லாம் கணக்கில் வராமல் வெறும் மேப் திறக்கும். காற்புள்ளிக்குப் பதில் %2C போட்டிருப்பது லிங்க் நடுவில் அறுந்துபோகாமல் இருக்க. ஆப் இருக்கும் போனில் ஆப்பே திறக்கும், இல்லையென்றால் பிரவுசரில் திறக்கும். மாமாவின் ஆண்ட்ராய்டு, அத்தையின் ஐபோன், அண்ணனின் அலுவலகக் கணினி என்று எல்லாவற்றிலும் வேலை செய்தது இது ஒன்றுதான்.

வழி காட்டும் லிங்கின் கடைசியில் &dir_action=navigate என்று சேர்த்தால், தொட்ட உடனே வண்டி ஓட்டும் திரைக்குப் போய்க் குரல் வழிசொல்லத் தொடங்கும். ஓட்டுநருக்கு அனுப்பும் லிங்கில் இது அருமை. அழைப்பிதழில் வேண்டாம். விசேஷத்துக்கு நான்கு நாள் முன்பு, ராத்திரி படுத்துக்கொண்டே லிங்கைத் தொட்ட சித்தியிடம் "இடதுபுறம் திரும்பவும்" என்று போன் பேசியதை நேரில் பார்த்தேன்.

google.navigation:q= என்று தொடங்கும் இன்னொன்றும் உண்டு. அது ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவர்களுக்கானது, வாட்ஸ்அப்பில் geo மாதிரியே செத்துக் கிடக்கும். ஆப்பிள் மேப்ஸுக்கு maps.apple.com/?daddr= என்று லிங்க் இருக்கிறது; குடும்பம் முழுக்க ஐபோன் என்றால் போடலாம்.

கூகுள் மேப்ஸில் பகிர் என்பதைத் தொட்டால் வரும் குட்டி லிங்கே போதாதா என்று கேட்பீர்கள். அதை விரிக்க நெட் வேண்டும். எங்கள் மண்பாதையில் அது கிடைக்காது. அதோடு, குட்டி லிங்கைப் பார்த்து எண் சரியா தப்பா என்று கண்டுபிடிக்க முடியாது. நீள லிங்கில் எண் கண்ணுக்குத் தெரியும்.

எண்ணைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எந்த வகை லிங்க் எடுத்தாலும் தப்பு பெரும்பாலும் இதில்தான் வருகிறது. புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம், வாசலுக்கு அது போதும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர்க் கணக்காகிவிடும், அடுத்த வயலில் இறக்கிவிடும்.

பெரிய கோயிலின் இடம் பாகை, கலை, விகலையில் 10°46′58″ வடக்கு, 79°07′54″ கிழக்கு. இதை அப்படியே சேர்த்து 10.4658, 79.0754 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். 46ஐ 60ஆலும் 58ஐ 3600ஆலும் வகுத்து 10உடன் கூட்டினால்தான் 10.78278 வரும்.

வரிசை மாறுவது இதைவிட மோசம். மேப் தரவை வைத்திருக்கும் ஜியோஜேசன் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் 79 வடக்கு, 10 கிழக்கு ஆகிவிடும். அது ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம். தமிழ்நாட்டுக்குள் என்றால் முதல் எண் 8இலிருந்து 14க்குள், இரண்டாவது 76இலிருந்து 81க்குள் வர வேண்டும். அனுப்பும் முன் இதை ஒரு தடவை பார்த்தால் போதும்.

கடைசியில் காதுகுத்துக்கு நான் அனுப்பியது dir லிங்க், navigate இல்லாமல். அதற்குக் கீழே தனி வரியில் எண்ணை மட்டும் எழுதினேன், ஆஃப்லைன் ஆப் வைத்திருப்பவர்கள் நகலெடுத்து ஒட்டிக்கொள்ள. கூகுள் காரைக் கடைசிச் சாலை வரைக்கும்தான் கொண்டுவரும். அங்கிருந்து கோயில் வரை மேப்பில் புள்ளிக்கோடுதான். அந்தத் திருப்பத்தில் தம்பியைக் கொடியோடு நிறுத்த வேண்டியதாயிற்று.