விடுப்பு அறிவிப்பு மின்னஞ்சல்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு பகிர்வு

இணையதளங்களை வடிவமைத்துப் பராமரிக்கும் பணியைத் தனியாகச் செய்து வருகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வாரம் விடுப்பில் செல்வதற்கு முன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஒரு வடிவம் வைத்திருக்கிறேன். சிறு மாற்றங்களுடன் சில ஆண்டுகளாக அதையே பயன்படுத்தி வருவதால், அதில் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

வழக்கமான விடுப்பு அறிவிப்பில் இரண்டே தேதிகள் இருக்கும்: விடுப்பு தொடங்கும் நாள், திரும்பும் நாள். இவ்விரண்டும் எழுதுபவருக்கு முக்கியமானவை. வாடிக்கையாளருக்கு வேண்டியதோ, தன் வேலையை எந்த நாளுக்குள் கொடுத்தால் அது முடிந்து கைக்கு வரும் என்பது. அதைச் சொல்லாவிட்டால், விடுப்புக்கு முந்தைய வேலைநாளே கடைசி நாள் என்று அவர் எடுத்துக்கொண்டு, அன்று மாலை எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புவார். அவர் பக்கத்தில் அது நியாயமான புரிதல்தான். ஆகவே பொருள் வரியிலேயே ஒப்படைப்புத் தேதியை வைக்கிறேன். 2025 ஆகஸ்ட் விடுப்புக்கு அந்த வரி இவ்வாறு இருந்தது: “ஆகஸ்ட் 9 முதல் 24 வரை விடுப்பு: பணிகளை ஆகஸ்ட் 1 வெள்ளிக்குள் அனுப்ப வேண்டுகிறேன்.”

ஆகஸ்ட் 1 என்பதை விடுப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கண்டடைந்தேன். கடைசி வேலைநாளான 8 வெள்ளியன்று எந்தத் தளத்திலும் புதிதாக எதையும் ஏற்றுவதில்லை. முந்தைய நாள் ஏற்றியது சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்கும், எனக்குப் பதிலாகப் பொறுப்பேற்பவரிடம் குறிப்புகளை ஒப்படைப்பதற்கும் அந்த நாள் வேண்டும். எனவே ஏற்றும் நாள் 7 வியாழன்; அதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் 6 புதன் மாலைக்குள் வர வேண்டும்; அவர் பார்த்துச் சொல்வதற்கு ஒரு முழு நாளாவது இருக்க வேண்டுமென்றால் மாதிரியை நான் 5 செவ்வாய் காலையில் அனுப்பியாக வேண்டும்; அதைச் செய்து முடிக்க 4 திங்கள் தேவை. ஆகவே மூலப்பொருள் 1 வெள்ளிக்குள் வந்து சேர வேண்டும். இது சிறிய மாற்றங்களுக்கான கணக்கு. பெரிய வேலை என்றால் அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் இன்னும் முன்னதான ஒரு தேதியைத் தனியாகச் சொல்கிறேன்.

இந்த வரிசையை முழுவதும் மின்னஞ்சலில் விவரிப்பதில்லை. வாடிக்கையாளர் செய்ய வேண்டிய இரண்டை மட்டும் தருகிறேன்: “புதிய பணிகளையும் அவற்றுக்கான உரை, படங்களையும் ஆகஸ்ட் 1 வெள்ளி மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள். மாதிரிக்கான ஒப்புதலை ஆகஸ்ட் 6 புதன் மாலை 5 மணிக்குள் தெரிவியுங்கள். அதன் பின் வரும் ஒப்புதல்களுக்கான பணி, நான் திரும்பியதும் ஆகஸ்ட் 25 திங்கள் தொடங்கும்.” இந்த மூன்றாவது வாக்கியமே இவ்வடிவத்தில் அதிகப் பயன் தந்த சேர்க்கை. தாமதமானால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால், கடைசி நாளில் நடக்கும் இழுபறி வெகுவாகக் குறைந்தது. மாதத்தை எழுத்திலும் கிழமையைச் சேர்த்தும் எழுதுவது அவசியம். 08/09 என்பதை ஒருவர் ஆகஸ்ட் 9 என்றும் இன்னொருவர் செப்டம்பர் 8 என்றும் படிக்க இடமுண்டு.

முதல் மின்னஞ்சலை ஜூலை 21 அன்று அனுப்பினேன். ஒப்படைப்புத் தேதிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு என்பது எனக்குப் பொருந்துகிறது. இன்னும் முன்பே அனுப்பினால் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நினைவூட்டலை ஜூலை 30 அன்று, நிலுவையில் வேலை உள்ளவர்களுக்கு மட்டும் அனுப்பினேன்.

அடுத்தது அவசரத் தொடர்பு. “அவசரம் என்றால் இவரை அழையுங்கள்” என்று மட்டும் எழுதினால், எது அவசரம் என்று தீர்மானிக்கும் சுமை வாடிக்கையாளர் மீது விழுகிறது. தாராளமாக எடுத்துக்கொள்பவர் ஒரு படத்தை மாற்றக்கூட அழைப்பார். தயங்குபவர் தளம் முடங்கிக் கிடந்தாலும் அழைக்க மாட்டார். இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அதனால் நிலைமைகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன்: தளம் திறக்கவே இல்லை, கட்டணம் செலுத்தும் பக்கமோ படிவமோ வேலை செய்யவில்லை, தளத்தில் நீங்கள் இடாத உள்ளடக்கம் தெரிகிறது. இவற்றில் எது நடந்தாலும் தயங்காமல் தொலைபேசியில் அழையுங்கள், காலை 9 முதல் மாலை 6 வரை இரண்டு மணி நேரத்துக்குள் பதில் கிடைக்கும், இதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். மற்றவை நான் திரும்பும்வரை காத்திருக்கும் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுகிறேன்.

மின்னஞ்சலில் ஒருவரின் பெயரையும் எண்ணையும் இடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இதைவிட முக்கியம். ஒப்பந்தத்தில் மூன்றாம் நபருக்கு அணுகல் தரக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். பிறகு பொறுப்பேற்பவரைத் தன் கணினியிலிருந்தே ஒவ்வொரு தளத்திலும் உள்ளே சென்று பார்க்கச் சொல்ல வேண்டும். என் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இரட்டைச் சரிபார்ப்பு உள்ள இடத்தில் குறியீடு என் கைபேசிக்குத்தான் வரும், அது அந்த நேரத்தில் அணைந்திருக்கலாம். எனவே அவருக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி, சரிபார்ப்பை அவருடைய கைபேசியுடன் இணைத்துவிடுகிறேன். உள்ளே நுழைவதோடு நில்லாமல், ஒரு காப்புப் பிரதியைச் சோதனை இடத்தில் மீட்டுப் பார்க்கவும் சொல்கிறேன். தளம் விழுந்தால் அவர் செய்ய வேண்டிய வேலை அதுதான். டொமைன் புதுப்பிப்பு விடுப்பு நாட்களுக்குள் வருகிறதா என்பதையும் அதே அமர்வில் பார்த்துவிடலாம்.

தானியங்கிப் பதிலை மட்டும் நம்பியிருப்பவர்கள் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். அது வாடிக்கையாளர் எழுதிய பிறகுதான் போகும். அதற்குள் ஒப்படைப்புத் தேதி கடந்திருக்கும். ஜிமெயிலில் ஒரே நபருக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் அது செல்லும் என்பதால், திங்களன்று பதில் பெற்றவர் புதனன்று மீண்டும் எழுதினால் எதுவும் வராது. இரண்டாவது கடிதம் படிக்கப்பட்டுவிட்டது என்று அவர் நினைக்கக்கூடும். முன்பின் தெரியாதவர்களுக்கும் அது செல்லும் என்பதால் பொறுப்பேற்பவரின் எண்ணை அதில் இடுவதில்லை. “அவசர எண், ஜூலை 21 அன்று அனுப்பிய மின்னஞ்சலில் உள்ளது” என்ற ஒரு வரி போதும்.

மின்னஞ்சலை மறைநகலில் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பலாம், முகவரிகள் வெளியாகாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புவதையே விரும்புகிறேன், ஏனென்றால் அவரவர் நிலுவையை ஒரு வரியில் சேர்க்க முடிகிறது: “உங்கள் தொடர்புப் பக்கத்துக்கான புதிய முகவரி மட்டும் எனக்கு வர வேண்டியிருக்கிறது.” பொது அறிவிப்பைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுபவர்கள்கூட இந்த வரிக்குப் பெரும்பாலும் அன்றே பதில் அனுப்புகிறார்கள்.

திரும்பும் தேதியில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். 25 திங்கள் பணிக்கு வருகிறேன் என்று மட்டும் எழுதினால் அன்று காலையிலேயே எல்லோரும் பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஆகவே “விடுப்பின்போது வந்த மின்னஞ்சல்களுக்கு ஆகஸ்ட் 27 புதன் மாலைக்குள் பதிலளிப்பேன்” என்று சேர்த்தேன். அந்த இடைவெளியில் பொறுப்பேற்றவர் எழுதி வைத்த குறிப்பைப் படித்து, அவர் தொட்ட தளங்களைச் சரிபார்த்து, அவருக்குத் தந்த கணக்குகளை நீக்கிவிடுகிறேன். நீக்கிய செய்தியை அந்தந்த வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலிலேயே தெரிவிக்கிறேன்.