10 விழுக்காடா, 6,640 வெள்ளியா: ஆண்டு ஒப்பீட்டில் எந்த வரிக்குக் காரணம் எழுதுவது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை. கடை கற்பனை, எண்களும் நான் போட்டவை. ஆனால் பின்னால் வரும் சம்பளச் சட்டமும் தீபாவளித் தேதிகளும் நிஜம். முதலாளி கணக்குப் பிள்ளையிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, வியாபாரம் ஏறியிருக்குங்கிற, அப்புறம் கையில காசு ஏன் குறையுது?"

அதற்குப் பதிலாகப் போன ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போட்டு, பெரிய மாற்றங்களுக்கு ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும். எது பெரிய மாற்றம் என்பதில்தான் இரண்டு கட்சி. 'அ' விதி, 10 விழுக்காட்டைத் தாண்டினால் எழுது என்கிறது. 'ஆ' விதி, போன ஆண்டு லாபத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டும் தொகை என்றால் எழுது என்கிறது. கணக்காய்வாளர்கள் பலர் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு அது. இந்தக் கடைக்கு அது 6,640 வெள்ளி.

| வரி | 2024 | 2025 | மாற்றம் (வெள்ளி) | மாற்றம் (%) | காரணம் கேட்கும் விதி |
|---|---|---|---|---|---|
| விற்பனை | 1,200,000 | 1,248,000 | +48,000 | +4.0 | ஆ |
| சரக்குச் செலவு | 780,000 | 826,800 | +46,800 | +6.0 | ஆ |
| சம்பளமும் சந்தாக்களும் | 168,000 | 182,280 | +14,280 | +8.5 | ஆ |
| வாடகை | 96,000 | 96,000 | 0 | 0.0 | – |
| மின்சாரம் | 18,000 | 18,900 | +900 | +5.0 | – |
| பழுதுபார்ப்பு | 1,200 | 4,800 | +3,600 | +300.0 | அ |
| அந்நியச் செலாவணி | −4,000 | +2,000 | +6,000 | ? | அ |
| நிகர லாபம் | 132,800 | 121,220 | −11,580 | −8.7 | ஆ |

கடைசிப் பத்தியைப் பாருங்கள். 'அ' விதிப்படி போனால், ஏர்கான் பழுதானதற்கு ஒரு காரணம், செலாவணிக்கு ஒரு காரணம், அத்தோடு முடிந்தது. 46,800 வெள்ளி கூடின சரக்குச் செலவு வெறும் 6 விழுக்காடு என்பதால் பேச்சில்லாமல் நழுவிவிடுகிறது. முதலாளியின் கேள்விக்கான பதில் இருப்பதே அந்த வரியில்தான். இரண்டு விதியையும் சேர்த்து, 'இரண்டையும் தாண்டினால் மட்டும் எழுது' என்று வைத்தால் இன்னும் மோசம், இந்த அட்டவணையில் ஒரு வரிக்கும் காரணம் எழுத வேண்டியிருக்காது!

அதற்காக 'அ' விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சின்ன வரி திடீரென 300 விழுக்காடு எகிறினால், பல சமயம் பதிவு இடம் மாறி விழுந்திருக்கும். புது ஏர்கான் வாங்கிவிட்டுப் பழுதுபார்ப்பில் எழுதியிருந்தால், அது இந்த ஆண்டுச் செலவே இல்லை, சொத்துக் கணக்குக்குப் போக வேண்டியது. பில்லை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே கணக்கை மூடும் முன் 'அ' விதியை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. முதலாளி கையில் கொடுக்கும் தாளுக்கு 'ஆ' தான் சரி என்பது என் கட்சி.

செலாவணி வரியில் கேள்விக்குறி வைத்ததற்கும் காரணம் உண்டு. நட்டம் 4,000 லாபம் 2,000 ஆனதை எக்செல் கணக்குப் போட்டால் −150% என்று காட்டும். நிலைமை நன்றாகியிருக்கிறது, தாளோ பாதாளத்துக்கு விழுந்ததுபோல் சொல்லும். போன ஆண்டு எண் பூஜ்யமாகவோ கழித்தலாகவோ இருந்தால் விழுக்காடே போடக்கூடாது. B போன ஆண்டு, C இந்த ஆண்டு என்றால்:

```
=IF(B2<=0,"–",(C2-B2)/B2)
```

சரி, காரண வரிக்கு வருவோம். "விற்பனை உயர்ந்ததால் கூடியது" என்று எழுதுவதைக் காரணம் என்று ஏற்கவே கூடாது. எண் சொன்னதையே அது வாயால் திரும்பச் சொல்கிறது. நல்ல காரண வரியில் மாற்றத் தொகை துண்டு துண்டாகப் பிரிந்து, கூட்டினால் மறுபடி அதே தொகை வர வேண்டும்.

விற்பனையை எடுத்துக்கொள்வோம். 2024-இல் 15,000 பில், சராசரி 80 வெள்ளி. 2025-இல் 14,400 பில், சராசரி 86.67. அறுநூறு பில் குறைந்ததைப் பழைய சராசரியால் பெருக்கினால் −48,000. சராசரி ஏறின 6.67 வெள்ளியைப் புது பில் எண்ணிக்கையால் பெருக்கினால் ஏறக்குறைய +96,000. இரண்டும் சேர்ந்து +48,000. "வாடிக்கையாளர் வருகை குறைந்தது (−48,000), ஒரு பில்லின் மதிப்பு ஏறியது (+96,000)" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 4 விழுக்காடு வளர்ச்சி என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவர் இதைப் படித்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

சரக்குச் செலவு 2024-இல் விற்பனையில் 65 விழுக்காடு. அதே விகிதம் நின்றிருந்தால் 2025-இல் 811,200 ஆகியிருக்கும். அதாவது கூடின 46,800-இல் 31,200 விற்பனையோடு சேர்ந்து வந்தது. மீதி 15,600 லாப விளிம்பு சுருங்கியதால் வந்தது: கொள்முதல் விலை ஏறின அளவுக்குக் கடை விலையை ஏற்றவில்லை, அல்லது தள்ளுபடி அதிகம். எது என்று கண்டுபிடிக்க, அதிகம் ஓடும் சில ரகங்களின் கொள்முதல் பில்லை இரண்டு ஆண்டுக்கும் ஒப்பிட வேண்டும். மொத்த லாப விகிதம் 35-லிருந்து 33.75-க்கு இறங்கியதை '1.25 புள்ளி' என்றுதான் எழுத வேண்டும். '1.25 விழுக்காடு குறைந்தது' என்றால் வேறு கணக்கு.

சம்பளத்துக்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,500-லிருந்து 1,700 வெள்ளி ஆனது (ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஆகஸ்ட் 1 முதல்). எட்டுப் பேர் வேலை செய்யும் இந்தக் கடையில் குறைந்தபட்சத்தில் இருந்த உள்ளூர் ஊழியர்கள் ஐவர். 5 × 200 × 11 மாதம் = 11,000. முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேம நிதி சுமார் 1,430. மீதி 1,850 ஓவர்டைமும் சொக்சோவும். 2026 கணக்கில் ஜனவரி மாதத்துக்கு இன்னொரு ஆயிரம் வெள்ளியும் அதற்கான சேம நிதியும் சேரும். அதை இப்போதே குறித்து வைத்தால் அடுத்த தடவை தேட வேண்டியதில்லை.

ஆண்டுக் கணக்கில் தெரியாத ஒரு பொறி மாதக் கணக்கில் உண்டு. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தின 30 நாள் 2024-இல் முழுவதும் அக்டோபருக்குள் அடங்கிவிடும். 2025-இல் அதில் 11 நாள் செப்டம்பருக்குப் போய்விடும். மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் செப்டம்பர் பிரமாதம், அக்டோபர் படுத்துவிட்டது என்று வரும். ஜவுளிக்கடைக்கு 'தீபாவளிக்கு முந்தின 30 நாள்' என்று தனி வரியே போடலாம்.

அக்டோபர் 31-இல் கணக்கை மூடும் கடை என்றால் இன்னும் வேடிக்கை. 2022 நவம்பரில் தொடங்கி 2023 அக்டோபரில் முடிந்த கணக்காண்டில் தீபாவளியே இல்லை. அடுத்ததில் இரண்டு: 2023 நவம்பர் 12, 2024 அக்டோபர் 31. அதற்கடுத்ததில் ஒன்று. முன்கூட்டி வாங்குவதால் விற்பனை கொஞ்சம் எல்லை தாண்டி வரும் என்றாலும், அந்தக் கடையின் விழுக்காட்டுப் பத்தியை எந்த விதியில் சலித்தாலும் முதல் காரண வரி நாட்காட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.