ரிப்போர்ட்டின் மூலையில் நிற்கும் எண்: ஒப்புமை மென்பொருளோடு நான்கு ஆண்டுகள்

பக்கத்து ஊர்க் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "சார், நீங்க வச்சிருக்கிற பிளேஜியரிசம் சாப்ட்வேரையே நாங்களும் வாங்கலாமா?" போனில் சொன்னது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளில் முப்பது ஆய்வேடுகளுக்கு மேல் இதில் ஏற்றியிருப்பேன். எந்த வரி எங்கே கிடக்கிறது என்று நிறம் போட்டு, மூலத்தைப் பக்கத்திலேயே திறந்து காட்டும். இதை ஒரு மனிதர் கையால் செய்ய மாதங்கள் ஆகும். அந்த வேலையில் குறையே சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம், ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி வேறு மூலங்களோடு பொருந்துகிறது என்று சொல்லி முதல் பக்க மூலையில் பெரிதாக நிற்கும் சதவீதத்தின் மேல்தான். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆய்வேட்டைத் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். உரிய சான்றோடு காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பதினான்கு சொல்லுக்குள் அடங்கும் பொதுத் தொடர் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் மேசைக்கு வரும்போது எல்லாரும் பார்ப்பது மூலையை மட்டும்தான்.

சென்ற ஆண்டு சங்க இலக்கியத்தில் ஓர் ஆய்வேடு வந்தது. ஏற்றினேன்: 3 சதவீதம். குழுவில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் உறுத்தியது. புறநானூற்று வரிகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன, அவை இணையத்தில் எத்தனையோ இடங்களில் கிடைக்கின்றன. எப்படி 3 வரும்? ரிப்போர்ட்டின் எழுத்து வடிவத்தைத் திறந்து பார்த்தேன். "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

```
jkpo;
```

ஆய்வேடு பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. நம் கண்ணுக்குத் தமிழ். மென்பொருளுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். இணையத்தில் யூனிகோடில் இருக்கும் எதனோடும் அது பொருந்தாது. ஸ்கேன் செய்து படமாக வைத்த பக்கங்களுக்கும் இதே கதைதான்.

யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னேன். ஒரு சொல்கூட மாறவில்லை. எண் 27 ஆகிவிட்டது! மாணவி கண் கலங்கிவிட்டார். மூலப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 16 சதவீதம் பாடல் வரிகள். தள்ளி உள்வாங்கி அச்சிட்டிருந்தார், பாட்டு எண்ணும் கொடுத்திருந்தார், ஆனால் மேற்கோள் குறி போடவில்லை. குறி இல்லாததால் "மேற்கோளை நீக்கு" என்ற வடிகட்டிக்கு அவை மேற்கோளாகத் தெரியவில்லை. மீதி 11இல் பெரும்பகுதி நூல் தலைப்புகள், உரையாசிரியர் பெயர்கள், திணை இலக்கண வரையறைகள். ஒன்றிலும் திருட்டு இல்லை.

ஆனால் அந்த ஆய்வேட்டில் தவறு இருந்தது. மூன்றாம் இயலில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக்கொண்டு வந்தவர் திடீரென்று "ஈண்டு", "இஃது" என்று எழுத ஆரம்பித்தார். "உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்" பாட்டுக்குப் புறம் 138 என்று போட்டிருந்தார். அது 183. நூலகத்தில் பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதே அச்சுப்பிழை, அதே மூன்று பக்கம். அந்தப் புத்தகம் இணையத்தில் இல்லை. அதனால் 3 வந்தபோதும் 27 வந்தபோதும் அந்தப் பக்கங்களில் ஒரு நிறமும் ஏறவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலாண்மைத் துறை மாணவர் ஒருவருக்கு 38 வந்து, திருப்பி அனுப்பும் நிலைக்குப் போனது. 15 சதவீதம் அவருடைய சொந்தக் கட்டுரை. அது வெளியான விவரத்தை முன்பக்கத்திலேயே சொல்லியிருந்தார். 11 நூற்பட்டியல், வடிகட்டியை யாரும் போடவில்லை. 10 எல்லா ஆய்வேட்டிலும் வரும் துண்டுத் தொடர்கள். கடைசி 2 மட்டும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே பத்தியாக, சான்று காட்டாமல் எடுத்தது. திருத்த வேண்டியது அந்தப் பத்தி ஒன்றுதான். அதைத் திருத்தினால் மூலையில் 36 நிற்கும்.

ஆகவே நண்பரே, வாங்கினால் முதலில் வடிகட்டிகளைப் பாருங்கள், பிறகு மூலப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறங்கள். ஒரே மூலத்தில் தொடர்ந்து ஓடும் நிறத்துக்கும், நூறு மூலங்களில் சிதறிய நிறத்துக்கும் சதவீதம் ஒன்றாக இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல.

இவ்வளவு பயன் இருந்தும், புதுப்பிக்கலாமா என்று எங்கள் நூலகர் கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். குழுவில் உட்காருகிறவர்கள் மூலப் பட்டியலைத் திறக்கும் வரை என் பதில் அதுதான். அந்த மாணவி மூன்று பக்கத்தையும் தன் நடையில் எழுதி, நூலுக்குச் சான்று காட்டி, 183 என்று திருத்திக் கொண்டுவந்தார். ஏற்றிப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.