ராகலைக் கடைக்காரரின் கடன்: ஒரு பதிவழிப்பு மெமோ, மூன்று வடிவங்கள்

ஹட்டனில் விதை, பூச்சிமருந்து, தெளிகருவி எல்லாம் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ராகலையில் ஒரு சில்லறைக் கடைக்காரர் 456,300 ரூபாய் தரவேண்டியிருக்கிறது. கிளை முகாமையாளர் அதை இனி வராத கடனாகக் கணக்கேட்டிலிருந்து நீக்கி, அதாவது பதிவழிக்கச் சொல்லி மெமோ எழுதினார். தலைமை அலுவலகம் "திருத்தி எழுதி அனுப்பவும்" என்று திருப்பிவிட்டது. எப்படித் திருத்துவது? கதையாகவே எழுதி மெருகூட்டலாம், நிறுவனத்தின் படிவத்தில் நிரப்பலாம், அல்லது என்ன முடிவு வேண்டும் என்பதை முதல் வரியில் வைத்து எழுதலாம். மூன்றையும் ஒரே கடனுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். நிறுவனமும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்டம் மட்டும் உண்மையானது.

முதலில் கணக்கு. 60 நாள் கடன் தவணை, சாமான் கொடுத்தபோது எழுதிய மூன்று விலைப்பட்டியல்கள்.

| பட்டியல் திகதி | செலுத்தவேண்டிய திகதி | மீதி (ரூபாய்) | 31.10.2025இல் பிந்திய நாட்கள் |
|---|---|---|---|
| 12.01.2024 | 12.03.2024 | 132,500 | 598 |
| 09.02.2024 | 09.04.2024 | 148,800 | 570 |
| 01.03.2024 | 30.04.2024 | 175,000 | 549 |

முதல் பட்டியல் உண்மையில் 162,500 ரூபாய். 18.06.2024இல் 30,000 ரூபாய் காசாகக் கட்டி, அந்தப் பட்டியலுக்கென்றே பற்றுச்சீட்டு வாங்கியிருக்கிறார். மூன்றாவது பட்டியலுக்கு 06.05.2024 திகதியிட்ட காசோலை ஒன்று தந்தார். பணம் போதாதென்று வங்கி அதைத் திருப்பிவிட்டது. அந்தக் காசோலை இன்னும் கிளையின் ஆவணக் கோவையில் இருக்கிறது.

கதையாக எழுதினால்

முதல் மெமோ இப்படித்தான் இருந்தது: "மேற்படி வாடிக்கையாளர் நீண்டகாலமாக எம்முடன் கொடுக்கல் வாங்கல் செய்தவர். பலமுறை தொலைபேசியில் தொடர்புகொண்டும் பயனில்லை. நேரிலும் சென்று பார்த்தோம். கடை மூடப்பட்டுள்ளது. கடன் காலாவதியாகிவிட்டபடியால் அறவிடமுடியாது."

வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. கிளையில் இருந்தவர்களுக்கு நடந்தது எல்லாம் இதில் இருப்பதுபோலவும் தோன்றும். ஆனால் கையெழுத்து வைக்கவேண்டியவர் ஹட்டனுக்கு வந்ததே இல்லை. "பலமுறை" என்றால் எத்தனை முறை, யார், எப்போது? பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டால் மெமோ அன்றைக்கே மேசையை விட்டு இறங்கிவிடும்.

அதைவிடப் பெரிய கோளாறு கடைசி இரண்டு வசனங்களில் இருக்கிறது. கடை மூடப்பட்டது உண்மை. விற்பனைப் பிரதிநிதி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கடையே இல்ல சேர், போர்ட மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார். ஆனால் அது தனிவியாபாரம். கடை மூடினாலும் கடன் அந்த மனிதரின் தலையிலேயேதான் இருக்கும். வரையறுத்த கம்பனி ஒன்று கலைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. ஆகவே "கடை மூடப்பட்டது" என்பது அவரைத் தேடுவது கடினம் என்பதற்குத்தான் சான்று, கடன் போய்விட்டது என்பதற்கு அல்ல.

"காலாவதியாகிவிட்டது" என்பதும் பாதிதான் சரி. வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறையைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் இலங்கைக் கட்டளைச் சட்டம் எல்லாக் கடனையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. விற்றுக் கொடுத்த பொருளுக்கும் கடைக் கணக்குக்கும் கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். இடையில் ஒரு பகுதி கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தந்தாலோ அந்த ஒரு வருடம் புதிதாகத் தொடங்கும். வாயால் சொன்ன "தாரேன் தாரேன்" செல்லாது. ஆனால் இன்னாருக்குப் பணம் கொடு என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் கட்டளையான மாற்றுண்டியலுக்கு ஆறு வருடம். காசோலையும் வங்கியின் மேல் எழுதப்பட்ட ஒரு மாற்றுண்டியல்தான்.

இப்போது அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். இரண்டாவது பட்டியல் 2025 ஏப்ரலிலேயே வழக்குக்கு அப்பால் போய்விட்டது. முதல் பட்டியலுக்கு 30,000 ரூபாய் கட்டிய நாளிலிருந்து எண்ணினாலும் 2025 ஜூனுடன் முடிந்தது. மூன்றாவது பட்டியலின் 175,000 ரூபாய்க்கோ காசோலையை வைத்து 2030 மே வரை வழக்குப் போட இடமிருக்கிறது. முழுத் தொகையையும் "காலாவதி" என்று எழுதிய மெமோ கையில் இருக்கும் ஆவணத்தையே மறந்துவிட்டது.

படிவத்தில் நிரப்பினால்

படிவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எதையும் மறக்கவிடாது. வாடிக்கையாளர் இலக்கம், கடன் எல்லை, வயதுப் பகுப்பாய்வு, எடுத்த நடவடிக்கை, ஐயக்கடன் ஏற்பாடு, கையொப்பங்கள் எல்லாவற்றுக்கும் பெட்டி இருக்கிறது. மாதம் இருபது சிறு கடன்களைப் பதிவழிக்கும் நிறுவனத்துக்கு இதுவே போதும். 8,000 ரூபாய் மீதிக்கு இரண்டு பக்கம் எழுதுவது வீண் வேலை.

இந்தக் கடனுக்கு அது சறுக்கும் இடம் வயதுப் பகுப்பாய்வு. வழக்கமான படிவத்தில் 30 நாள், 60 நாள், 90 நாள், 180 நாள், 365 நாளுக்கு மேல் என்று நிரல்கள். மூன்று பட்டியலும் கடைசி நிரலில் போய் விழுந்து, 456,300 என்று ஒரே எண்ணாகிவிடும். ஐயக்கடன் ஏற்பாடு என்பது கடன் வராமல் போகலாம் என்று முன்கூட்டியே இலாபத்திலிருந்து ஒதுக்கும் தொகை; அதை எவ்வளவு ஒதுக்குவது என்று தீர்மானிக்க அந்த நிரல்கள் உதவும். பதிவழிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க உதவாது. அதற்குத் தேவையான திகதிகள் வேறு: கடைசியாகப் பணம் வந்த நாள், கடைசியாக எழுத்தில் ஒப்புக்கொண்ட நாள், வழக்குப் போடக்கூடிய கடைசி நாள். பட்டியல்வாரியாக இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் காசோலை விஷயம் தானாகவே கண்ணில் படும்.

"எடுத்த நடவடிக்கைகள்" பெட்டியும் ஆபத்தானது. தொலைபேசி, கடிதம், நேரடிச் சந்திப்பு, சட்டத்தரணி என்று நான்கு கட்டங்கள், நான்கிலும் சரி அடையாளம். சரி போட்டவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இடையில் என்ன நடக்கவில்லை என்பது அதில் தெரியாது.

முடிவை முதலில் வைத்தால்

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். முதல் பந்தி இப்படி வரும்:

"ராகலை வாடிக்கையாளரின் மொத்தக் கடன் 456,300 ரூபாய். இதில் முதல் இரண்டு பட்டியல்களின் 281,300 ரூபாயைப் பதிவழிக்கப் பணிப்பாளர் சபையின் அனுமதி கோருகிறோம். திரும்பிய காசோலைக்குரிய 175,000 ரூபாயைப் பதிவழிக்காமல், முழு ஏற்பாட்டுடன் கணக்கில் வைத்து, வழக்குத் தொடர்வது பற்றிச் சட்டத்தரணியின் எழுத்துமூல அபிப்பிராயம் பெறப் பரிந்துரைக்கிறோம். மொத்தத் தொகைக்கும் 31.03.2025இல் ஏற்பாடு ஒதுக்கப்பட்டுவிட்டதால் இவ்வருட இலாபத்தில் மாற்றமில்லை."

கடைசி வசனம் பலர் விட்டுவிடுவது. பணிப்பாளர் மனதில் எழும் முதல் கேள்வியே "இலாபம் எவ்வளவு குறையும்?" என்பதுதான். முழு ஏற்பாடு இருந்தால் பதிவழிப்பு என்பது ஐயக்கடன் ஏற்பாட்டுக் கணக்கில் வரவு, கடன்பட்டோர் கணக்கில் செலவு, அவ்வளவுதான்: இரண்டு கணக்கின் மீதியும் ஒரே தொகையால் குறையும். மெமோக்களில் இது தலைகீழாக வருவதுண்டு, அதற்குப் பிறகு மற்ற எண்களை யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம் நடவடிக்கைகள். திகதி, செய்தவர், விளைவு, கோவையில் உள்ள சான்று என்ற ஒழுங்கில், ஒவ்வொன்றும் ஒரு வரி. தொலைபேசி அழைப்புகளை ஒரே வரியில் முடித்துவிடலாம், அவற்றுக்குச் சான்று இல்லை. பாரம் உள்ளவை மற்றவை: 2024 மே மாதத்தில் வங்கியிலிருந்து திரும்பிய காசோலையும் அதனுடன் வந்த குறிப்பும், 2025 பெப்ரவரியில் பதிவுத் தபாலில் போன கடிதம், ஏப்ரலில் நுவரெலியாச் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம், "இவ்விடத்தில் இல்லை" என்று திரும்பிவந்த அதன் உறை, ஜூலையில் கடைக்காரர் பிரதேசத்தை விட்டுப் போய்விட்டார் என்று கிராம உத்தியோகத்தர் தந்த கடிதம். திரும்பிய உறையைக் கிழிக்காமல் அப்படியே கோவையில் வைப்பது நல்லது. தபால் முத்திரைதான் அங்கே சாட்சி.

நடவடிக்கைகளை இப்படி வரிசையாக எழுதியதும் ஓட்டை ஒன்று வெளியே வரும். 2024 ஜூனில் 30,000 ரூபாய் வாங்கிய பிறகு 2025 பெப்ரவரி வரை எதுவும் நடக்கவில்லை. வழக்குக்கான ஒரு வருடத்தின் பெரும்பகுதி அதிலேயே கரைந்திருக்கிறது. படிவம் இதை மறைத்துவிடும், கதை மழுப்பிவிடும். மெமோவில் நேராகவே எழுதவேண்டும்: "18.06.2024க்கும் 2025 பெப்ரவரிக்கும் இடையில் நடவடிக்கை எதுவும் பதிவாகவில்லை. அக்காலத்தில் கிளையில் கடன் அறவிடும் பொறுப்பு ஒருவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை." உள்ளகக் கணக்காய்வாளர் எப்படியும் கண்டுபிடிப்பார். அவர் கண்டுபிடிப்பதைவிட நாம் சொல்வது மேல். வருமான வரிக்கும் இந்த நடவடிக்கை வரிசைதான் பேசும்: ஏற்பாடு ஒதுக்கினேன் என்று சொல்வது போதாது, அறவிட நியாயமான முயற்சி எல்லாம் எடுத்தேன் என்று காட்டவேண்டும்.

யார் கையெழுத்திடுவது

இந்த நிறுவனத்தின் அதிகார அட்டவணைப்படி கிளை முகாமையாளருக்கு 25,000 ரூபாய் வரை, பொது முகாமையாளருக்கு 250,000 வரை, அதற்கு மேல் பணிப்பாளர் சபை. 281,300 சற்றே கூடுதல். இங்கேதான் ஒரு யோசனை வரும்: "பட்டியல்வாரியாப் பிரிச்சு 132,500, 148,800ன்னு ரெண்டு மெமோ போட்டா பொது முகாமையாளரே முடிச்சிருவாரே?" முடித்துவிடுவார்தான். ஆனால் எல்லை கடன்பட்டவருக்கு உரியது, பட்டியலுக்கு அல்ல. இரண்டு மெமோவும் ஒரே மாதத்தில் ஒரே வாடிக்கையாளர் இலக்கத்துடன் வந்தால் கணக்காய்வில் அது தவறு என்று எழுதுவதற்கு முயற்சியே தேவையில்லை. நான் காசோலைத் தொகையைத் தனியாகப் பிரித்ததும் இதுவும் ஒன்றல்ல. அங்கே பிரிவினை சட்ட நிலையால் வந்தது, மொத்தம் 456,300 என்று முதல் வரியிலேயே சொல்லப்பட்டு, முழுதும் சபைக்கே போகிறது.

இன்னொன்று. கடைக்காரரின் கடன் எல்லை 300,000 ரூபாய். இரண்டாவது பட்டியலுடனேயே நிலுவை 311,300 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்றாவது பட்டியலுக்குச் சாமான் போயிருக்கிறது, அனுமதித்தவர் கிளை முகாமையாளர். ஆகவே அவர் "தயாரித்தவர்" என்ற இடத்தில் கையெழுத்திடலாம், "பரிந்துரைப்பவர்" என்ற இடத்தில் கணக்காளர் வரட்டும். படிவத்தில் அந்தப் பெட்டி கிளை முகாமையாளருக்கென்றே அச்சடிக்கப்பட்டிருக்கும். வெட்டி மாற்றிக் காரணம் எழுதவேண்டியதுதான்.

சபை அனுமதித்த பிறகு 281,300 ரூபாயைப் பதிவழித்த கடன் பதிவேட்டில் எழுதிவைக்க ஒரு வரி மெமோவின் கடைசியில் இருக்கட்டும். பதிவழிப்பு நமது ஏட்டில் நடக்கும் வேலை, கடைக்காரருக்கு அதை அறிவிக்கத் தேவையில்லை. அவர் நாளைக்கு வெலிமடையில் புதுக்கடை திறந்து சாமான் கேட்டு வந்தால், விற்பனைப் பிரதிநிதி முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.