விபிஎன் கேட்வே அப்டேட்: தானாகவா, கையாலா?

வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வாசலான விபிஎன் கேட்வே எந்நேரமும் இணையத்துக்குத் திறந்திருக்கும். லாகினுக்கு முன்பே தாக்கக்கூடிய ஓட்டை இருந்தால், திருடனுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம்.

தானாக: தனி ஐடி ஆள் இல்லாத சிறு நிறுவனத்துக்கு இதுவே மேல். இரவில் அப்டேட் ஆகும்; ரீபூட்டின்போது இணைப்பு சற்று அறும். ஆதரவு முடிந்த பெட்டிக்கு மட்டும் அப்டேட் வராது, மாற்றத்தான் வேண்டும்.

கையால்: அறிவிப்பு மின்னஞ்சலை ஒருவர் தவறாமல் படிக்க வேண்டும், பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். ஆனால் பேட்சுக்குப் பிந்தைய வேலை விடுபடாது. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலர் கேட்வேக்குப் பேட்ச் வந்த CVE-2023-4966 என்ற ஓட்டை, லாகின் ஆனவரை அடையாளம் காட்டும் செஷன் டோக்கன்களை நினைவகத்திலிருந்து கசியவிட்டது. பேட்ச் போட்ட பின்னும் திருடிய டோக்கன் செல்லுபடியாகும், ஓடிபியும் கேட்காது. செஷன்களைத் துண்டித்தால்தான் கதவு மூடும். நெட்ஸ்கேலரில் அதற்கான கட்டளைகளில் இரண்டு:

```
kill aaa session -all
kill icaconnection -all
```

தானியங்கியை நம்புவோரும் இதைக் கையால்தான் செய்ய வேண்டும்.