ஒரே மோதிரம், மூன்று கடை: ஆன்லைனில் எங்கே வாங்குவது?

தங்கைக்கு வைர மோதிரம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. 18 காரட் தங்கம், நடுவில் 30 சென்ட் எடையில் ஒரே ஒரு இயற்கை வைரம். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மோதிரம் மூன்று இடங்களில் கிடைத்தது. ஒன்று, எங்கள் ஊரில் கிளை உள்ள நகைக்கடையின் இணையதளம். இரண்டாவது, எல்லாப் பொருளும் விற்கும் பெரிய ஷாப்பிங் தளத்தில் இருந்த ஒரு விற்பனையாளர். மூன்றாவது, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர். விலை இதே வரிசையில் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த வித்தியாசம் எதற்காக என்று பார்க்கத்தான் இந்த அலசல்.

மூன்று பேருமே “சர்டிஃபிகேட் உண்டு” என்றார்கள். எதற்கான சர்டிஃபிகேட் என்று கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஹால்மார்க் தங்கத்தின் தரத்தை மட்டும்தான் சொல்லும், கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. கல்லுக்கு ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகத்தின் அறிக்கை தனியாக வேண்டும். கடைக்காரரே அச்சடித்துத் தரும் “ஆத்தென்டிசிட்டி கார்டு” இரண்டிலும் சேராது. வாட்ஸ்அப் விற்பனையாளர் எனக்கு அனுப்பிய படம் அந்தக் கார்டுதான்.

முதலில் தங்கம். நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 18K750 போன்ற தரக்குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணான ஹெச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளை ஹெச்யுஐடி இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. ஆன்லைனில் இந்த மெல்லிய நகைகளும் விற்பதால், ‘ஹால்மார்க்’ என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் நாம் எடுக்கும் நகையில் அது உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. “916 கேடிஎம்” என்று பொறித்திருப்பது ஹால்மார்க் ஆகாது.

எண் இருந்தால் மட்டும் போதாது. BIS Care செயலியில் Verify HUID பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் தரம், நகையின் வகை, முத்திரையிட்ட மையம், நாள் எல்லாம் வரும். இதில் நகையின் வகையைத்தான் பலர் கவனிப்பதில்லை. என் சித்தி மகள் ஒரு சமூக ஊடகக் கடையில் மோதிரம் வாங்கினாள். எண்ணைப் போட்டதும் செயலி விவரங்களைக் காட்டியது, அவளுக்கு நிம்மதி. நான் வாங்கிப் பார்த்தபோது வகை என்ற இடத்தில் பெண்டன்ட் என்று இருந்தது. வேறு ஏதோ நகையின் எண்ணை மோதிரத்தில் பொறித்திருந்தார்கள். கேட்டதற்கு, “எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான் அக்கா” என்று பதில் வந்தது. பணம் ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்குப் போயிருந்தது, பில்லும் இல்லை. அவள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

செயலியில் வரும் நகைக்கடையின் பெயர் நமக்கு விற்றவரின் பெயராக இல்லாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். நகையைச் செய்தவரே முத்திரை வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. வகையோ தரமோ பொருந்தாவிட்டால்தான் பிரச்சினை.

அடுத்து கல். அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் தளத்தில் நாமே தேடி எடுக்க வேண்டும். விற்பவர் அனுப்பும் லிங்க்கைத் தொடக் கூடாது. அதில் எடை, நிறம், தெளிவு ஆகியவற்றோடு, இயற்கை வைரமா ஆய்வகத்தில் வளர்த்ததா என்றும் இருக்கும். ஐஜிஐ அறிக்கையில் எண் LG என்று தொடங்கினால் அது ஆய்வக வைரம். ஆய்வக வைரமும் வைரம்தான், ஆனால் விலை பல மடங்கு குறைவு. ஷாப்பிங் தளத்தில் நான் பார்த்த மோதிரம் இங்கேதான் அடிபட்டது. தலைப்பில் “ரியல் டயமண்ட்” என்று இருந்தது, அறிக்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் LG.

தாள் சரியாக இருந்தாலும் கல் அதே கல்தானா? அறிக்கை எண்ணைப் பல கற்களின் விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது, லூப் என்ற சிறிய பூதக்கண்ணாடி வேண்டும். போலியாகப் பொறித்த எண்களையும் ஜிஐஏ கண்டுபிடித்திருக்கிறது. அதனால் எண்ணோடு எடையும் அளவுகளும் பொருந்துகின்றனவா என்று தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். ஊரில் கிளை உள்ள கடை என்றால் மோதிரத்தை அங்கேயே கொண்டுபோய் “லூப்பில் காட்டுங்கள்” என்று கேட்கலாம். முதல் கடைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, திருப்பிக் கொடுப்பது. எக்ஸ்சேஞ்ச், பைபேக், பணம் திருப்பித் தருவது மூன்றும் ஒன்று போலவே காதில் விழும். கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். மோதிரத்தின் மொத்த எடை 3.20 கிராம். 30 சென்ட் கல் 0.06 கிராம் என்பதால் நிகரத் தங்கம் 3.14 கிராம். புரிவதற்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தங்கம் 31,400. கல்லுக்கு 20,000, செய்கூலி 6,000, அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 1,722. ஆக 59,122 ரூபாய்.

பைபேக்கில் தங்கத்துக்கு முழு மதிப்பு, கல்லுக்கு 80 சதவீதம் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை ஏறாமல் இறங்காமல் இருந்தாலும் கைக்கு வருவது 47,400. செய்கூலி, வரி, கல்லில் ஐந்தில் ஒரு பங்கு எல்லாம் போய் 11,722 ரூபாய் நஷ்டம். 15 நாளுக்குள் முழுப் பணமும் திருப்பித் தருகிற கடை அந்தப் பதினோராயிரத்துச் சொச்சத்தைக் காப்பாற்றுகிறது. ‘லைஃப்டைம் எக்ஸ்சேஞ்ச்’ என்பதில் பணமே வராது, அதே கடையில் இன்னொரு நகை எடுக்க வேண்டும். கல் நகை நிறைய விற்கும் இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: மொத்த எடைக்கே தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று. என் மோதிரத்தில் அது 600 ரூபாய்தான். நாலு கிராம் கல் பதித்த நெக்லஸில் நாற்பதாயிரம்.

ஷாப்பிங் தளத்தில் திருப்பும் விதி பொருளுக்குப் பொருள், விற்பவருக்கு விற்பவர் மாறும். நகைக்கு வேறு விதி இருக்கலாம், அந்தப் பக்கத்திலேயே படித்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். ஆனாலும் 2020-ல் வந்த மின்வணிக விதிகள் ஒரு பிடி கொடுக்கின்றன: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மேலே போக 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

விற்பவரின் பெயரை ஐந்து நட்சத்திரங்களை வைத்து எடை போடாதீர்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் திருப்பி அனுப்பிய கதையை எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனப் பெயரும், பதிவு செய்த நாளும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் வரும். “இருபது வருட அனுபவம்” என்ற வாட்ஸ்அப் விற்பனையாளரிடம் கேட்டேன். எண் வரவே இல்லை.

ஆகவே கல் வைத்த நகைக்கு என் தேர்வு முதல் கடைதான். கல் இல்லாத தங்கத்துக்கு, ஹெச்யுஐடியும் முறையான பில்லும் திருப்பும் விதியும் தெளிவாக இருந்தால் ஷாப்பிங் தளமும் சரிதான். மூன்றாவது வகையில் நேரில் அறிமுகம் இல்லாதவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பார்சல் வந்ததும் வீடியோ ஓடவிட்டுப் பிரித்தோம். டேகை அறுக்கவில்லை, அறுத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விதியில் இருந்தது. அன்றே செயலியில் எண்ணைப் போட்டோம், வகை மோதிரம் என்று வந்தது. மூன்றாம் நாள் கிளைக்குப் போய் லூப்பில் எண்ணைப் பார்த்த பிறகுதான் தங்கை அதை விரலில் போட்டாள்.