தமாஸ்கு யோவானா, ஸ்தூதியோஸ் தியோடோரா: பேரரசரின் கேள்விக்கு யார் பதில் சொன்னார்?

பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை ஒழிக்க முயன்ற காலத்தைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. உருவங்களுக்காக வாதாடியவர்களில் ஒருவரை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தபோது, தமாஸ்கு நகர யோவானும் ஸ்தூதியோஸ் மடத்துத் தியோடோரும் போட்டியில் நின்றார்கள். பெரும்பாலோர் யோவானையே எடுப்பார்கள். கிறிஸ்துவை வரைகிறவர் உண்மையில் எதை வரைகிறார் என்று பேரரசர் ஒருவர் கேட்ட கேள்விக்காக நான் தியோடோரை எடுத்தேன். இருவரையும் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே கிரேக்க நடையழகில் யார் மேல் என்ற தீர்ப்புக்குள் நான் இறங்கப்போவதில்லை.

இருவருக்கும் பொதுவானவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். உருவத்துக்குச் செய்யும் மரியாதை அதன் மூலத்தைச் சென்றடைகிறது என்ற புனித பசிலியாரின் வாக்கியம் இருவருக்கும் ஆதாரம். இறைவனுக்கு மட்டுமே உரியது ஆராதனை, உருவத்துக்கும் சிலுவைக்கும் புனிதருக்கும் செலுத்துவது வணக்கம் என்ற வேறுபாடும் இருவரிடமும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் இந்த இரண்டு சொற்களைப் பிரித்தே பயன்படுத்துவதால் நமக்கு இது எளிதில் பிடிபடும். 787இல் நிக்கேயாவில் கூடி உருவ வணக்கத்தை ஏற்ற ஆயர்களின் பொதுச்சங்கத் தீர்மானம் லத்தீனுக்குப் போனபோது இந்த வேறுபாடு மங்கிவிட்டது. உருவங்களை ஆராதிக்கச் சொல்கிறார்கள் என்று கருதி பிராங்கிய அரசர் சார்லமேனின் அரசவை இறையியலாளர்கள் கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

யோவானின் பலம் எதுவென்றால், அவர் சடப்பொருளைக் காப்பாற்றுகிறார். நான் சடப்பொருளை ஆராதிக்கவில்லை, எனக்காகச் சடப்பொருளானவரை, சடப்பொருளைப் படைத்தவரை ஆராதிக்கிறேன் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சிலுவை மரம்தானே, நற்செய்தி நூல் மையும் தோலும்தானே, அவற்றை வணங்குகிறவன் படத்தை மட்டும் எப்படித் தள்ள முடியும் என்று கேட்கிறார். திருச்சபைக்குச் சட்டம் போடுவது பேரரசரின் வேலையல்ல என்றும் நேராகவே எழுதுகிறார். இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு வசதி இருந்தது: யோவான் கலீபாக்களின் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்தவர், கான்ஸ்டான்டினோப்பிள் அரசரின் கை அங்கே எட்டாது. உருவங்களைத் தடைசெய்ய 754இல் கூடிய ஹியெரியா சங்கம் அவரை மன்சூர் என்ற குடும்பப் பெயரால் சபித்தது. அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது அந்தச் சங்கம்தான். பேரரசர் மூன்றாம் லியோவின் காலத்தில் உருவ எதிர்ப்பு பெரும்பாலும் பழைய ஏற்பாட்டின் தடையை ஒட்டியே இருந்தது, சிலை செய்யாதே என்ற கட்டளையை மீறாதே என்பதாக. அவர் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் சண்டையின் களத்தையே மாற்றினார். அவர் படையோடு போய் வெற்றி பெற்றவர், அதே நேரத்தில் இறையியலும் எழுதியவர். போஸ்போரஸின் ஆசியக் கரையிலிருந்த ஹியெரியா அரண்மனையில் அவர் 338 ஆயர்களைக் கூட்டினார். ரோமையோ அலெக்சாந்திரியாவோ அந்தியோக்கியாவோ எருசலேமோ ஆளனுப்பவில்லை. கான்ஸ்டான்டினோப்பிளின் முதுபெரும் தந்தையின் இருக்கையும் அப்போது காலியாக இருந்தது. அரசரின் எழுத்திலிருந்து எழுந்த வாதம் அங்கே சங்கத்தின் தீர்மானமாயிற்று.

அந்த வாதம் இரண்டு கொம்புள்ளது. 451இல் கால்சிடன் சங்கம் கிறிஸ்து ஒரே ஆள், அவரிடம் இறையியல்பும் மனித இயல்பும் பிரியாமலும் கலவாமலும் இருக்கின்றன என்று வரையறுத்திருந்தது. அப்படியானால் ஓவியர் பலகையில் வரைவது எதை? மனித இயல்பை மட்டும் வரைந்தேன் என்றால், இறையியல்பிலிருந்து அதைப் பிரித்துத் தனி ஆளாக்கிவிட்டீர், நெஸ்தோரியர் ஆகிவிட்டீர். இரண்டையும் சேர்த்து வரைந்தேன் என்றால், எல்லையில்லாத இறையியல்பை ஒரு கோட்டுக்குள் அடைத்து இரண்டையும் குழப்பிவிட்டீர், ஒரே இயல்புக் கொள்கையினர் ஆகிவிட்டீர். எந்தப் பக்கம் போனாலும் கால்சிடன் ஏற்கெனவே தள்ளிவைத்த ஒரு கூட்டத்தில் போய் நிற்கிறீர். உண்மையான உருவம் மூலத்தோடு ஒரே பொருளாயிருக்க வேண்டும் என்பதால், கிறிஸ்துவின் உருவம் என்று சொல்லத் தக்கது நற்கருணை அப்பம் ஒன்றுதான் என்று அரசர் முடித்தார்.

இந்தக் கேள்வியை யோவானிடம் எடுத்துச் சென்று பாருங்கள். சடப்பொருள் தூயது, இறைவன் உடலெடுத்தார், கண்ணால் கண்டவரை வரையலாம் என்பார். ஆனால் எதை வரைகிறீர் என்ற கேள்வி அப்படியே நிற்கும். இது அவர் குற்றமல்ல. அவருடைய உரைகளின் இலக்கு இதற்கு முந்தைய கட்டத்து எதிர்ப்பு. ஆயினும் விவாதத்தின் கடினமான முடிச்சு எதுவோ அதை அவிழ்த்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. 787ஆம் ஆண்டுச் சங்கமும் இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்கவில்லை. நற்கருணை உருவமல்ல, அது மெய்யான உடலே என்று ஒரு பதில் சொன்னது. இயல்பை வரைவது வேறு, தோற்றத்தை வரைவது வேறு என்று தொட்டுக் காட்டியது. மரபுச் சான்றுகளை அடுக்கியது. 754இன் தீர்மானத்தை வரிவரியாக வாசித்து மறுத்தார்கள். அதனால்தான் அந்தத் தீர்மானமே நமக்கு இன்று கிடைக்கிறது என்பது தனி வேடிக்கை.

கேள்வி மீண்டும் எழுந்ததற்குக் காரணம் போர்க்களம். ஐந்தாம் கான்ஸ்டன்டைனின் நினைவு படையினரிடம் அழியவே இல்லை. 786இல் பேரரசி ஐரீன் தலைநகரில் சங்கத்தைக் கூட்டியபோது காவற்படையினர் வாளோடு நுழைந்து கலைத்தார்கள்; அந்தப் பிரிவுகளைப் போருக்கு என்று வெளியே அனுப்பி, ஆயுதத்தைக் களைந்து கலைத்த பிறகுதான் அடுத்த ஆண்டு நிக்கேயாவில் சங்கம் நடந்தது. 811இல் பல்கேரிய அரசன் கிரும், பேரரசர் நிக்கெபோரசைக் கொன்றான். 813இல் பேரரசர் முதலாம் மிக்கேலும் பல்கேரியரிடம் தோற்றார். அந்த ஆண்டு தலைநகரில் சில முன்னாள் படைவீரர்கள் கான்ஸ்டன்டைனின் கல்லறைக்குள் புகுந்து, எழுந்து வந்து நாட்டைக் காப்பாற்றும்படி அவரை அழைத்தார்கள். உருவங்களை ஒழித்த அரசர்கள் வென்றார்கள், வணங்கிய அரசர்கள் தோற்றார்கள் என்ற கணக்கு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அரியணை ஏறிய ஐந்தாம் லியோவும் அதே கணக்கைத்தான் போட்டார். 815இல் ஹாகியா சோபியாவில் கூடிய சங்கம், உருவங்களைச் சிலைவழிபாட்டுச் சிலைகள் என்று சொல்வதைத் தவிர்த்தாலும், 754இன் தீர்மானத்தை மறுபடி செல்லுபடியாக்கியது.

தியோடோர் எழுதியது இந்தச் சூழலில். அவர் யோவானைப் போல எட்டாத தொலைவில் இல்லை. தலைநகரிலேயே பெரிய மடத்தின் தலைவர். 815இன் குருத்து ஞாயிறன்று துறவிகளைத் திருவுருவங்களை உயர்த்திப் பிடித்தபடி மடத்தைச் சுற்றி வரச் செய்தார், விரைவிலேயே நாடு கடத்தப்பட்டார், காவலில் கசையடியும் பட்டார். ஆனால் இந்தத் தியாகத்துக்காக நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பேரரசரின் இரண்டு கொம்புகளுக்கும் அடியில் ஒரே அனுமானம் கிடக்கிறது: ஓவியம் ஓர் இயல்பை வரைகிறது என்பது. தியோடோர் கைவைத்தது அங்கே. ஓவியம் எந்த இயல்பையும் வரைவதில்லை, ஆளை வரைகிறது என்றார். பேதுருவை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுத்தறிவுள்ளவர், சாகக்கூடியவர் என்பதை நீங்கள் வரைவதில்லை. அது பேதுருவுக்கு மட்டுமல்ல, பவுலுக்கும் யோவானுக்கும் பொது. மூக்கு நீண்டதா குட்டையா, முடி சுருளா, நிறம் எப்படி, கண் எப்படி என்று மற்ற மனிதரிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களைத்தான் வரைகிறீர்கள். பார்க்கிறவன் "இது மனித இயல்பு" என்று சொல்வதில்லை, "இது பேதுரு" என்கிறான். கிறிஸ்துவிடமும் அப்படியே. அவரிடம் இருப்பது ஒரே ஆள் என்று கால்சிடனே சொல்லிவிட்டதால், படத்தில் தெரிகிறவரும் அந்த ஒரே ஆள்தான். மனித இயல்பு தனியே பிரிக்கப்படவும் இல்லை, இறையியல்பு கோட்டுக்குள் அடைக்கப்படவும் இல்லை, ஏனென்றால் வரையப்பட்டது இரண்டில் ஒன்றல்ல. மூலமும் உருவமும் ஒரே பொருளாயிருக்க வேண்டும் என்ற அரசரின் நிபந்தனையும் இதோடு விழுந்துவிடுகிறது. ஒரு முத்திரை மோதிரத்தை மெழுகிலும் களிமண்ணிலும் பதிக்கலாம், பொருள் மாறும், பதிந்த முத்திரை ஒன்றே.

எதிரியின் ஆயுதமான கால்சிடனையே எடுத்து அவர் முடிச்சை அவிழ்த்ததுதான் என் தேர்வுக்கு முழுக் காரணம். மாற்றிச் சொல்கிறார்கள் உருவ எதிர்ப்பாளர்கள்: எல்லா மூக்கும் தலைமுடியும் துறந்த, பொதுவான மனித இயல்பையே கிறிஸ்து ஏற்றார், எனவே அவரை வரைய முடியாது என்று. தனி மனிதரிடம் அல்லாமல் மனித இயல்பு எங்கே இருக்கிறது, அப்படியானால் அவர் வெறும் தோற்றமாகத்தான் வந்தாரா என்று தியோடோர் திருப்பிக் கேட்டபின் அதற்கும் இடமில்லை.

யோவான் மேலாக நிற்கும் இடமும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. உருவத்தில் தெரிகிறவர் அதே ஆள் என்று அழுத்திச் சொல்லிவிட்டால், மக்கள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்? அரண்மனைக் காவல் அதிகாரி ஒருவர் தன் குழந்தைக்குப் புனித தெமேத்திரியுவின் படத்தையே ஞானத்தந்தையாக நிறுத்தியபோது, தியோடோர் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். இதே வழக்கத்தைத்தான் 824இல் பேரரசர் இரண்டாம் மிக்கேல் பிராங்கிய அரசர் லூயிக்கு எழுதிய மடலில் புகாராக அடுக்குகிறார்: படங்களை ஞானப்பெற்றோராக வைக்கிறார்கள், படத்திலிருந்து சுரண்டிய வண்ணத்தை நற்கருணை இரசத்தில் கலக்கிறார்கள் என்று. அரசர் தம் தரப்புக்காகப் பேசுகிறார் என்பதைக் கழித்துக்கொண்டாலும், புகார் வெறும் கற்பனையல்ல என்பதற்குத் தியோடோரின் கடிதமே சாட்சி. எத்தனையோ வகை உருவங்களையும் அவற்றுக்குரிய மரியாதைகளையும் பொறுமையாகத் தரம் பிரித்துக் காட்டும் யோவானிடம் இந்தத் தடுமாற்றம் குறைவு.

நான் பேசி முடித்ததும் ஒரு நண்பர் கேட்டார்: "சரி ஐயா, கிறிஸ்துவின் மூக்கு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?" தியோடோரின் வாதம் சாயலில் நிற்கிறது, சாயலுக்கோ சான்று மரபுதான். படமும் மூலமும் ஒரே பெயரைப் பகிர்கின்றன என்று அவர் சேர்த்துச் சொல்வது எனக்குக் கைகொடுத்தது. 843இல் பேரரசி தியோடோரா உருவங்களை மீட்ட பிறகு வரைந்த படங்களில், புனிதரின் தலைக்கு இருபுறமும் பெயரை எழுதுவது ஏறத்தாழ விதியாகிவிட்டது என்று பதில் சொன்னேன். நண்பர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.